சேர்க்கை விதி: வக்ஃபு ஆவணம் முதல் விண்ணப்பப் படிவம் வரை

வல்ல இறைவனின் பேரருளால் நம் சமுதாயத்தின் ஜமாஅத்துகள் பலவும் இன்று சிறிய அளவிலேனும் தத்தமக்கெனப் பள்ளிக்கூடங்களை நடத்தி வருகின்றன. ஒரு வகுப்புக்கு ஒரே பிரிவு, அதில் முப்பது பிள்ளைகள் என்ற அளவில் அமைந்த இத்தகைய பள்ளிக்கூடங்களில் ஆண்டுதோறும் ஏப்ரல், மே மாதங்களில் எழும் கேள்வி ஒன்றேயாகும். இருக்கும் இடங்களைவிட வந்திருக்கும் விண்ணப்பங்கள் மிகுதியாக இருக்கையில், எந்தப் பிள்ளைக்கு இடம், எந்தப் பிள்ளைக்கு இல்லை என்பதே அக்கேள்வி. இதற்கான விடை எழுத்தில் இல்லாத இடங்களில் அது சிபாரிசில் தேடப்படுகிறது. இடம் கிடைக்காத பெற்றோர் காரணம் அறியாமலே திரும்பிச் செல்கின்றனர். அந்த மனக்குறை பின்னர் மஹல்லாவின் பிற காரியங்களிலும் வந்து தலைகாட்டுகிறது.

சேர்க்கை விதி என்பது நான்கு கேள்விகளுக்கு முன்கூட்டியே எழுதி வைக்கப்படும் விடையாகும். யாரைச் சேர்ப்பது? எந்த வயதில் சேர்ப்பது? எந்தச் சான்றை ஏற்பது? மறுக்கப்பட்டவர் யாரிடம் முறையிடுவது? இந்நான்கு கேள்விகளும் நேற்றுத் தோன்றியவை அல்ல. நம் முன்னோர் இவற்றுக்கு எவ்வாறு விடை கண்டனர் என்பதையும், நம் நாட்டின் சட்டம் இவற்றை எவ்வாறு அணுகியது என்பதையும், இன்று நம் கையில் எஞ்சியிருக்கும் பொறுப்பு யாது என்பதையும் முறையே காண்போம்.

வக்ஃபு ஆவணங்களில் சேர்க்கை விதி

கல்வி நாடி வந்தவரை எவ்வாறு எதிர்கொள்வது என்ற பாடம் நம் மார்க்கத்தின் தொடக்கக் காலத்திலேயே புகட்டப்பட்டுவிட்டது. மக்காவில் குறைஷித் தலைவர்களுடன் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உரையாடிக் கொண்டிருந்த வேளையில், கண் பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் மார்க்க விளக்கம் கேட்டு வந்த நிகழ்ச்சியையும், அதனையொட்டி அருளப்பெற்ற 80ஆம் அத்தியாயத்தையும் நாம் நன்கறிவோம். செல்வாக்குள்ளவரை முன்னிறுத்தி, தேடி வந்தவரைப் பின்னிறுத்தலாகாது என்பதே அதன் படிப்பினை.

பின்னாளில் கல்விக்கூடங்கள் வக்ஃபுச் சொத்துகளைக் கொண்டு நிறுவப்பட்டபோது, அவற்றின் சேர்க்கை விதி வக்ஃபு ஆவணத்திலேயே எழுதப்பட்டது. பாக்தாதில் 1067ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற நிஜாமிய்யா மத்ரஸா, அதன் வக்ஃபு நிபந்தனைப்படி, ஷாஃபிஈ மத்ஹபைச் சார்ந்தோருக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. அதே நகரில் கலீஃபா அல் முஸ்தன்ஸிர் 1234ஆம் ஆண்டு திறந்து வைத்த முஸ்தன்ஸிரிய்யா மத்ரஸா வேறொரு வழியை மேற்கொண்டது. நான்கு மத்ஹபுகளுக்கும் அங்கு இடம் தரப்பட்டது. மத்ஹபு ஒன்றுக்கு 62 மாணவர் என்ற எண்ணிக்கையும் வரையறுக்கப்பட்டது. இரண்டில் எது சிறந்தது என்பது இங்கு நம் ஆய்வன்று. இரண்டிலும் யாருக்கு இடம் என்பது கதவு திறக்கும் முன்பே எழுத்தில் இருந்தது என்பதே நாம் கருத வேண்டியதாகும். எண்ணிக்கை எழுதப்பட்ட இடத்தில், அதைக் கூட்டவோ குறைக்கவோ நிர்வாகியின் விருப்பத்துக்கு இடமிருப்பதில்லை.

வயது வரம்புக்கு எடுத்துக்காட்டு மம்லூக்குகள் கால கெய்ரோவில் கிடைக்கிறது. அந்நகரின் பள்ளிவாசல்களையும் மத்ரஸாக்களையும் ஒட்டி, அநாதைச் சிறார்களுக்கான மக்தபுகள் பல வக்ஃபு மூலம் நடத்தப்பட்டன. எத்தனை சிறார், அவர்களுக்குரிய உணவும் உடையும் எவ்வளவு, ஆசிரியருக்கு ஊதியம் என்ன என்பவை ஆவணத்தில் குறிக்கப்பட்டன. பிள்ளை பருவ வயதை எட்டியதும் அவ்விடத்தை மற்றோர் அநாதைக்கு விட்டுத்தர வேண்டும் என்பது அவற்றில் வழக்கமாகக் காணப்படும் நிபந்தனை. எனினும், குர்ஆன் மனனத்தை முடிக்கும் தறுவாயில் இருக்கும் பிள்ளைக்கு மட்டும் விலக்களித்த ஆவணங்களும் உண்டு. ஒரு நல்ல வயது விதியின் மூன்று உறுப்புகளும் இதில் அமைந்திருப்பதைக் காணலாம். எல்லை ஒன்று வகுக்கப்படுகிறது. அந்த எல்லைக்கான காரணம் விளங்குகிறது. விதிவிலக்கும் முன்கூட்டியே எழுதப்படுவதால், அது ஆளுக்கு ஆள் மாறும் சலுகையாக ஆகிவிடுவதில்லை.

நான்காவது கேள்விக்கும் அங்கு விடை இருந்தது. வக்ஃபை நிர்வகித்த நாளிர் தம் விருப்பப்படி நடக்கவியலாது. ஆவணத்தின் நிபந்தனைக்கு அவர் கட்டுப்பட்டவர். அதை மீறினால் அவரைக் கேள்வி கேட்கும் அதிகாரம் காஜிக்கு உண்டு. விதியை வகுத்தவர் ஒருவர், நடைமுறைப்படுத்துபவர் மற்றொருவர், தவறு நேர்ந்தால் விசாரிப்பவர் மூன்றாமவர் என்ற பிரிவினையே அதன் சிறப்பாகும்.

காதைத் தொட்ட கை

நம் ஊர்ப்புறங்களுக்கு வருவோம். நம் பாட்டனார் காலத்தில் தொடக்கப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கச் சென்றவர்கள் சான்றிதழ் எதையும் கொண்டு சென்றதில்லை. பிள்ளை தன் வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக் காதைத் தொட வேண்டும். விரல் காதில் பட்டால் ஒன்றாம் வகுப்பு. படாவிட்டால் அடுத்த ஆண்டு வரச் சொல்லி அனுப்பிவிடுவர். சிறு வயதில் உடலை நோக்கத் தலை பெரிதாகவும் கை குட்டையாகவும் இருப்பதால், ஏறத்தாழ ஐந்து ஆறு வயதில்தான் கை காதை எட்டும் என்பது இதன் அடிப்படை.

இதில் குறை இல்லாமல் இல்லை. நன்கு உண்டு வளர்ந்த பிள்ளையின் கை முன்னதாகவே எட்டிவிடும். போதிய உணவின்றி வளர்ச்சி குன்றிய பிள்ளை, வயது நிரம்பியிருந்தும் வெளியே நிற்கும். ஆக, வயதை அளப்பதாகக் கூறி வறுமையையும் சேர்த்தே அளந்த அளவுகோல் அது. சேர்த்த பின்னர் பதிவேட்டில் பிறந்த தேதி எழுத வேண்டுமே! பள்ளி திறப்பது ஜூன் மாதம். அதிலிருந்து ஐந்து ஆண்டுகளைக் கழித்துத் தலைமையாசிரியரே ஒரு தேதியை எழுதிவிடுவார். நம் பெரியவர்களில் பலருக்கு மே, ஜூன் மாதங்களிலேயே பிறந்த நாள் அமைந்திருப்பதன் காரணம் இதுவேயாகும்.

பிறப்பைப் பதிவு செய்யும் சட்டம் அக்காலத்தில் இல்லாமல் போய்விடவில்லை. சென்னை மாகாணத்துக்கென 1899ஆம் ஆண்டிலேயே பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் வீட்டிலேயே மகப்பேறு நிகழ்ந்த காலத்தில், பதிவு செய்யாது விடப்பட்டவை ஏராளம். நாடு முழுமைக்குமான பொதுச் சட்டம் 1969இல் வந்தது. பிறப்பை 21 நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது அதன்கீழ் அமைந்த விதி. மருத்துவமனையில் பிறந்தால் மருத்துவமனைப் பொறுப்பாளரும், வீட்டில் பிறந்தால் குடும்பத் தலைவரும் தெரிவிக்கும் கடமை உடையவர்கள். ஓராண்டுக்கு மேல் தாமதமானால் நீதித்துறை நடுவரின் ஆணை தேவைப்பட்டது. 2023ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த அதிகாரத்தை மாவட்ட ஆட்சியர் உள்ளிட்ட நிர்வாகத்துறை நடுவர்களிடம் மாற்றியது. அத்திருத்தம் நடைமுறைக்கு வந்த 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்த பிள்ளைகளுக்கு, கல்விக்கூடச் சேர்க்கைக்கான பிறந்த தேதிச் சான்று பிறப்புச் சான்றிதழே ஆகும். எனவே வருங்காலத்தில் நம் வாயிலுக்கு வரும் மழலையர் அனைவரும் இவ்விதிக்கு உட்பட்டவராகவே இருப்பர்.

சட்டம் விதித்ததும் விலக்கியதும்

சேர்க்கை குறித்த நான்கு கேள்விகளுக்கும் ஒருங்கே விடை தந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டமாகும். கட்டாய நன்கொடை வாங்குவதையும், பிள்ளையையோ பெற்றோரையோ நேர்காணல், தேர்வு முதலியவற்றால் சலித்தெடுப்பதையும் அதன் 13ஆம் பிரிவு தடை செய்தது. வயதுச் சான்று இல்லை என்ற காரணத்தால் எந்தப் பிள்ளைக்கும் இடம் மறுக்கலாகாது என்றது 14ஆம் பிரிவு. மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டி மறுக்கலாகாது என்றது 5ஆம் பிரிவு. குறையிருப்பின் உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்து மூலம் முறையிடலாம். மூன்று மாதங்களுக்குள் அது முடிவு செய்ய வேண்டும். அதற்கு மேல் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம் என்றது 32ஆம் பிரிவு. தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் குறைந்தது 25 விழுக்காட்டை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்க வேண்டும் என்ற 12ஆம் பிரிவே மிகுதியும் பேசப்பட்டது.

ஆனால், சிறுபான்மையினர் தம் விருப்பத்திற்கேற்பக் கல்வி நிறுவனங்களை நிறுவி நிர்வகிக்கும் உரிமையை அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு நமக்கு அளித்துள்ளது. இவ்விரண்டும் மோதியபோது, அரசு உதவி பெறாத சிறுபான்மைப் பள்ளிகளை 25 விழுக்காடு ஒதுக்கீடு கட்டுப்படுத்தாது என 2012 ஏப்ரல் 12 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர் 2014 மே 6 அன்று, ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு பிரமதி அறக்கட்டளை வழக்கில், உதவி பெறுவதாயினும் பெறாததாயினும் சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அச்சட்டமே பொருந்தாது என்று கூறிவிட்டது. 2025 செப்டம்பர் 1 அன்று இரு நீதிபதிகள் அமர்வு அத்தீர்ப்பின் மீது ஐயம் எழுப்பி, பெரிய அமர்வு ஆராயலாமா என்று முடிவு செய்யத் தலைமை நீதிபதிக்கு அனுப்பி வைத்தது.

இவ்வரலாற்றை நம்மவர் பெரும்பாலும் வெற்றிச் செய்தியாகவே நினைவுகூர்கின்றனர். இதன் மறுபக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சட்டம் முழுமையும் விலகியபோது 25 விழுக்காடு மட்டும் விலகவில்லை. நேர்காணலுக்கான தடை, சான்றில்லாப் பிள்ளைக்கான பாதுகாப்பு, முறையிடும் வழி ஆகியவையும் அதனோடு சேர்ந்தே விலகின. வேறொரு தனியார் பள்ளியில் ஒரு பிள்ளைக்குச் சட்டத்தால் கிடைக்கும் பாதுகாப்பு, ஜமாஅத் பள்ளிக்கூடத்து வாயிலில் நிற்கும் நம் பிள்ளைக்கு அச்சட்டத்தின் வழியே கிடைப்பதில்லை. அதை அளிக்க எஞ்சியிருப்பது, நிர்வாகக் குழு தானே எழுதி ஏற்றுக்கொள்ளும் சேர்க்கை விதியேயாகும். கட்டாய நன்கொடை மட்டும் இதற்கு விலக்கு. அதனைத் தமிழகத்தில் 1992ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் தடை செய்துள்ளது.

வயது விதியை எழுதும் முறை

வயது விதியில் மூன்று செய்திகள் ஐயத்திற்கிடமின்றி இருத்தல் வேண்டும். அவை கணக்கிடும் நாள், குறைந்த வயது, கூடிய வயது என்பன. கல்வி உரிமைச் சட்டச் சேர்க்கைக்குத் தமிழகத்தில் ஜூலை 31 கணக்கிடும் நாளாகக் கொள்ளப்பட்டுள்ளது. அந்நாளில் எல்.கே.ஜி. வகுப்புக்கு 3 வயதும், ஒன்றாம் வகுப்புக்கு 5 வயதும் நிறைவுற்றிருக்க வேண்டும். நம்மைச் சட்டம் கட்டுப்படுத்தாவிடினும் இதே நாளைக் கொள்வது நன்று. நம் பிள்ளை பின்னர் வேறு பள்ளிக்கு மாறுகையில் சிக்கல் நேராது.

2026-27 கல்வியாண்டை எடுத்துக் கொள்வோம். 2022 ஆகஸ்ட் 1 முதல் 2023 ஜூலை 31 வரை பிறந்த பிள்ளைகள் எல்.கே.ஜி. வகுப்புக்கு உரியவர்கள். 2023 ஜூலை 31 அன்று பிறந்த பிள்ளைக்கு இடம் உண்டு; ஒருநாள் பின்னதாக ஆகஸ்ட் 1 அன்று பிறந்த பிள்ளை ஓராண்டு காத்திருக்க வேண்டும். இது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் ஒரு நாளைத் தளர்த்தினால் மறுநாள் பிறந்தவருக்கு என்ன விடை சொல்வது? காத்திருக்கும் பிள்ளைக்கு இழப்புமில்லை. அது 2027 ஜூனில் மூன்று வயதும் பத்து மாதமும் நிரம்பிய நிலையில் வகுப்பில் அமரும். முந்தைய நாள் பிறந்ததோ இரண்டு வயதும் பத்து மாதமும் ஆன நிலையிலேயே வந்து அமர்கிறது. ஒரே வகுப்பில் ஏறத்தாழ ஓராண்டு வேறுபாட்டுடன் பிள்ளைகள் இருப்பர் என்பதை ஆசிரியர் உணர்ந்திருத்தல் வேண்டும்.

மற்றொன்றையும் குறிப்பிட வேண்டும். சிலர் ஹிஜ்ரி கணக்கில் பிள்ளையின் வயதைக் கூறுவதுண்டு. ஹிஜ்ரி ஆண்டு ஏறத்தாழ 11 நாள்கள் குறைந்தது. மூன்றாண்டில் வேறுபாடு 33 நாள்களாகிவிடும். 2023 ஆகஸ்ட் 20 அன்று பிறந்த பிள்ளைக்கு ஹிஜ்ரி கணக்கில் 2026 ஜூலை 18 வாக்கிலேயே மூன்று வயது நிறைந்துவிடும். ஆங்கிலக் கணக்கிலோ ஜூலை 31க்குள் நிறையாது. எனவே எந்த நாள்காட்டி என்பதையும் விதியிலேயே எழுதிவிட வேண்டும்.

மத்திய அரசுப் பணியில் இருந்து ஊர் ஊராக மாறுதல் பெறும் பெற்றோர் அறிய வேண்டியதும் ஒன்றுண்டு. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஒன்றாம் வகுப்புக்கு 6 வயது என்று வகுத்தது. கேந்திரிய வித்யாலயங்கள் 2022-23 முதல் அதையே பின்பற்றுகின்றன. இங்கே ஐந்தாம் வயதில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, அங்கே அதே வகுப்புக்கு வயது போதாதவராக நிற்க நேரிடும். விண்ணப்பப் படிவத்திலேயே இதைத் தெரிவிப்பது பெற்றோருக்கு உதவும்.

ஆவணங்களில் நேரும் இடர்

ஆவணப் பட்டியல் எவ்வளவு குறுகியதோ அவ்வளவு நன்று. மழலையர் வகுப்புக்குப் பிறப்புச் சான்றிதழ், முகவரிச் சான்று, பிள்ளையின் புகைப்படம், தடுப்பூசி அட்டையின் நகல் ஆகியவை போதும். மேல் வகுப்புக்கு மாற்றுச் சான்றிதழ் கூடுதலாகும். ஆதார் அட்டையைப் பள்ளிச் சேர்க்கைக்குக் கட்டாயமாக்கலாகாது என உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26 அன்றே தீர்ப்பளித்துள்ளது. பெற்றோர் விரும்பித் தரும் நிலையிலும், பிறந்த தேதிக்கு அதைச் சான்றாகக் கொள்ளலாகாது.

நம் மக்களிடையே மிகுதியாக நேரும் இடர் இரண்டு. முதலாவது, பெயரில்லாப் பிறப்புச் சான்றிதழ். மருத்துவமனை பிறப்பைப் பதிந்துவிடும். அப்போது பிள்ளைக்குப் பெயர் சூட்டியிருக்க மாட்டார்கள். பின்னர் பெயரைப் பதிய மறந்துவிடுவர். சேர்க்கையின்போதுதான் பெயர்க் கட்டம் வெறுமையாக இருப்பது கண்ணில் படும். பிறப்பைப் பதிந்த அலுவலகத்தில் 12 மாதங்களுக்குள் கட்டணமின்றியும், பின்னர் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடனும் பெயரைப் பதியலாம். இத்தகைய சான்றிதழைத் திருப்பியனுப்பாமல், பிறந்த தேதிக்கு அதை ஏற்றுக்கொண்டு, பெயர் பதிந்து வரக் காலக்கெடு தருவதே முறை.

இரண்டாவது, பெயர் எழுத்து. ஒரே குடும்பத்தின் ஆவணங்களில் முகமது, முகம்மது, முஹம்மது என மூன்று விதமாகப் பெயர் இருக்கும். ஆங்கில எழுத்தில் இவ்வேறுபாடு இன்னும் பெருகும். தலைப்பெழுத்து ஓரிடத்தில் முன்னும் மற்றோரிடத்தில் பின்னும் வரும். இது மோசடியன்று. ஆனால் சேர்க்கைப் பதிவேட்டில் எழுத்தர் தம் விருப்பப்படி எழுதிவிட்டால், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் வரை அது தொடர்ந்து, பின்னர் கடவுச்சீட்டு பெறுகையில் தடையாக வந்து நிற்கும். பிறப்புச் சான்றிதழில் உள்ளவாறே எழுத்துக்கு எழுத்து பதிவேட்டில் எழுதி, பெற்றோரிடம் காட்டி ஒப்பம் பெறுவதை விதியாக்கினால் இவ்விடர் தொடக்கத்திலேயே நீங்கும்.

சான்றே இல்லாத பிள்ளையை என் செய்வது? கல்வி உரிமைச் சட்டத்தையொட்டி எழுந்த மாதிரி விதிகள் மருத்துவமனைப் பதிவேடு, அங்கன்வாடிப் பதிவு, பெற்றோரின் உறுதிமொழி ஆகியவற்றை ஏற்றன. நாமும் இவற்றின் பேரில் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டு, பிறப்புச் சான்றிதழ் பெறக் கால அவகாசம் தரலாம். அதற்கான விண்ணப்பத்தை எழுதித் தர ஜமாஅத் அலுவலகமே உதவுதல் தகும். மாற்றுச் சான்றிதழைப் பொறுத்தவரை, அதைக் கட்டண நிலுவையை வசூலிக்கும் கருவியாகப் பயன்படுத்தலாகாது என 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் உணர்த்தியுள்ளது. பிற பள்ளியிலிருந்து வரும் பிள்ளைக்கும், நம்மிடமிருந்து செல்லும் பிள்ளைக்கும் இது ஒன்றுபோல் பொருந்தும்.

முன்னுரிமையும் குலுக்கலும்: ஓர் எடுத்துக்காட்டு

எல்.கே.ஜி. வகுப்பில் 30 இடங்கள் உள்ளன. 47 விண்ணப்பங்கள் வந்துள்ளன என்று வைத்துக் கொள்வோம். விதியில் முன்னுரிமை மூன்று படிகளாக எழுதப்பட்டுள்ளது. முதற்படி, அநாதைகளும் பைத்துல்மால் உதவி பெறும் குடும்பத்துப் பிள்ளைகளும். இரண்டாம் படி, அண்ணனோ அக்காளோ அங்கேயே பயிலும் பிள்ளைகள். மூன்றாம் படி, ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள் குடியிருப்போர். இதில் மாற்றுச் சமயத்து அண்டை வீட்டாரும் அடங்குவர். எஞ்சியோர் இவர்களுக்குப் பின்.

முதலில் வயது பார்க்கப்படுகிறது. 3 பிள்ளைகள் எல்லைக்கு வெளியே பிறந்தவர்கள்; எஞ்சியவை 44. முதற்படியில் 5 பேர், இரண்டாம் படியில் 9 பேர் இடம் பெறுகின்றனர். இப்போது 16 இடங்கள் மீதம். மூன்றாம் படியில் இருப்போரோ 21 பேர். இவர்களுக்குள் எவரும் மற்றவரைவிட உரிமையில் கூடியவர் அல்லர். இந்த இடத்தில்தான் வழக்கமாகச் சிபாரிசு நுழைகிறது. நேர்காணல் வைக்கும் ஆசையும் இங்கேதான் எழுகிறது. மூன்று வயதுப் பிள்ளையிடம் நிறங்களையும் எழுத்துகளையும் கேட்பது பிள்ளையின் அறிவை அளப்பதில்லை. அதன் வீட்டில் படித்த தாய் இருக்கிறாரா என்பதையே அளக்கிறது. காதைத் தொடச் சொன்ன பழைய அளவுகோலின் புதிய வடிவமே அது.

சம உரிமையுடையோர்க்கு உகந்த வழி சீட்டுக் குலுக்கல். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பயணத்தில் உடன் வரும் துணைவியாரைத் தேர்ந்தெடுக்கச் சீட்டுக் குலுக்கிய செய்தி ஹதீஸ் நூல்களில் உள்ளது. இதைச் சூதாட்டம் என ஐயுறுவோர் உண்டு. சூதில் ஒருவர் பணயம் வைத்து இழக்க, மற்றவர் அதை அடைகிறார். இங்கோ யாரும் எதையும் பணயமாக வைப்பதில்லை. பெற்றோர் முன்னிலையில் 21 எண்கள் கொண்ட சீட்டுகளை எண்ணிக் காட்டிப் பாத்திரத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். முதல் 16 எண்களுக்கு இடம். 17 முதல் 21 வரை எடுக்கப்பட்டவர்கள் அதே வரிசையில் காத்திருப்போர் பட்டியலில் 1 முதல் 5 வரை. தொலைவில் வாழும் 9 பேரும் இவ்வாறே குலுக்கப்பட்டு 6 முதல் 14 வரை. வந்திருக்கும் பெற்றோரில் இருவர் ஒப்பமிட்ட பட்டியல் அன்றே அறிவிப்புப் பலகையில் இடம்பெற வேண்டும். இடம் ஒன்று காலியானால் அடுத்த எண்ணுக்கே அது உரியது. பட்டியலைத் தாண்டி ஒரு பெயர் நுழைந்திருந்தால், விதி மீறப்பட்டதை எவரும் கண்டுகொள்ளலாம்.

முறையிடும் வழி

மறுக்கப்பட்டவர்க்குக் காரணத்தை எழுத்தில் தருவதே முறையீட்டின் முதற்படி. "இடமில்லை" என்பது காரணமாகாது. "பிறந்த தேதி எல்லைக்கு அப்பாற்பட்டது" என்பதும், "மூன்றாம் படியில் காத்திருப்போர் எண் 4" என்பதும் காரணங்களாகும். காரணம் தெரிந்தால்தான் அது சரியா தவறா என்று பெற்றோர் பார்க்க முடியும்.

சட்டத்தில் மூன்று மாதக் கெடு என்று கண்டோம். ஏப்ரல் இறுதியில் மறுக்கப்பட்ட பிள்ளைக்கு ஜூலை இறுதியில் விடை கிடைத்துப் பயன் குறைவு. ஆகவே சிறிய பள்ளிக்கூடத்தில் பட்டியல் வெளியான 7 நாள்களுக்குள் முறையீடு, அடுத்த 10 நாள்களுக்குள் முடிவு என்று வைத்துக் கொள்ளலாம். அதுவரை காத்திருப்போர் பட்டியலிலிருந்து எவரையும் அழைக்கலாகாது. விசாரிப்போர் மூவராக இருக்கட்டும். சேர்க்கையை முடிவு செய்த தாளாளரும் தலைமையாசிரியரும் அதில் இருத்தலாகாது. நாளிரின் செயலை நாளிரே விசாரிக்காமல் காஜி விசாரித்ததன் நியாயம் இதுவே. மஹல்லாவின் ஆலிம் ஒருவர், ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், நிர்வாகத்தில் இல்லாத பெற்றோர் ஒருவர் என அமைவது பொருத்தமாகும். முறையிடுபவருக்கு உறவினராக இருப்பவர் அவ்விசாரணையில் விலகி நிற்க வேண்டும்.

அக்குழு எதை ஆராயலாம் என்பதற்கும் எல்லை வேண்டும். வயது தவறாகக் கணக்கிடப்பட்டதா, படி தவறாகக் குறிக்கப்பட்டதா, தொலைவு தவறாக அளக்கப்பட்டதா, குலுக்கல் முறைப்படி நடந்ததா என்ற நான்கையே அது காண வேண்டும். மேற்கண்ட எடுத்துக்காட்டில், தொலைவில் வாழ்பவராகக் குறிக்கப்பட்டு, காத்திருப்போர் பட்டியலில் 8ஆம் எண் பெற்ற ஒருவர் முறையிடுகிறார் என்க. அவர் வீடு மாறிச் சில மாதங்களாகின்றன. பழைய முகவரி ஆதாரில் உள்ளது. புதிய வாடகை ஒப்பந்தத்தைப் படிவத்துடன் தந்திருந்தும் எழுத்தர் கவனிக்கவில்லை. அளந்து பார்த்ததில் 700 மீட்டர். ஆக, அவர் மூன்றாம் படிக்குரியவர். 21 பேரோடு அவர் சீட்டும் குலுக்கப்பட்டிருக்க வேண்டும். முழுக் குலுக்கலையும் மீண்டும் நடத்தினால் குற்றமற்ற பிறர் தம் இடத்தை இழப்பர். மாறாக, அவருக்கு மட்டும் 22 சீட்டுகளைக் கொண்டு ஓர் எண் எடுக்கச் செய்து, அது 16க்குள் அமைந்தால் 31ஆவது இடம் ஒன்றைத் தரலாம். அமையாவிடில் அவ்வெண்ணுக்குரிய வரிசையில் காத்திருப்போர் பட்டியலில் சேர்க்கலாம். நிர்வாகத்தின் தவற்றுக்கு ஈடாக அதிகபட்சம் இரண்டு கூடுதல் இடங்கள் என்று விதியிலேயே எழுதி வைத்தால் இதற்கு வழி பிறக்கும். வகுப்பறையும் ஆசிரியரும் தாங்கும் அளவு அவ்வளவே என்பதும் அதில் தெளிவாகும்.

ஆண்டு முடிவில் எத்தனை விண்ணப்பங்கள் வந்தன, ஒவ்வொரு படியிலும் எத்தனை பேர் சேர்ந்தனர், எத்தனை முறையீடுகள் வந்தன, எத்தனை ஏற்கப்பட்டன என்ற நான்கு எண்களை, பெயர் எதுவுமின்றி, ஜமாஅத்தின் ஆண்டறிக்கையில் வரவு செலவுக் கணக்குடன் வெளியிடுவது முறை. பணத்துக்குக் கணக்குக் காட்டும் நாம் இடங்களுக்கும் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர்களே. கெய்ரோவின் வக்ஃபு ஆவணம் அநாதைப் பிள்ளைக்குத் தந்த உறுதியை, நம் பள்ளிக்கூடத்தின் சேர்க்கை விதியும் நம் மஹல்லாவின் பிள்ளைகளுக்குத் தருமாறு வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.